விறைப்பு குறையவில்லை, உச்சம் மட்டும் மங்குகிறது: ஏன்?

"விறைப்புல ஒரு குறையும் இல்ல டாக்டர். கடைசியில வரவேண்டியதுதான் வரமாட்டேங்குது." ஆண்களின் பாலியல் குறைகளில் மிகக் குழப்பமாகச் சொல்லப்படுவது இதுதான். சொல்கிறவருக்குச் சரியான வார்த்தை கிடைப்பதில்லை. கேட்கிறவரும் பல நேரங்களில் இதை விறைப்புக் கோளாறின் ஒரு வகை என்று எடுத்துக்கொண்டு சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்த மாத்திரை ஆண்குறியின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே தங்கவைக்கும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். உச்ச இன்பத்தை எழுப்பும் நரம்புப் பாதையை அது தொடுவதே இல்லை. அதனால் இருந்த விறைப்பு இன்னும் கெட்டியாகும், இல்லாத உச்சம் இல்லாமலேயே இருக்கும். சிலருக்கு இந்த மாத்திரையே சிக்கலைக் கூட்டுவதும் உண்டு. அது எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விறைப்பு, விந்து வெளியேறுதல், உச்ச உணர்வு என்று மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிய மணிகள்போல நமக்குத் தோன்றுகின்றன. உடலில் அவை மூன்று தனி வேலைகள். விறைப்பை நடத்துவது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் நரம்புகள். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்து ரத்தக்குழாய் விரிகிறது. விந்து வெளியேறுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் சிம்பதெடிக் நரம்புகள் புராஸ்டேட் சுரப்பியையும் விந்துப்பைகளையும் சுருக்கி விந்தைச் சிறுநீர்க் குழாய்க்குள் இறக்குகின்றன. அதே நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. "இனி நிறுத்த முடியாது" என்று தோன்றும் நொடி இதுதான். அடுத்து, ஆண்குறியின் அடியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் ஏறக்குறைய 0.8 நொடிக்கு ஒருமுறை துடித்து விந்தை வெளியே தள்ளுகின்றன. இந்தத் துடிப்பை நடத்துவது பியூடெண்டல் நரம்பு. ஆண்குறியின் தோலிலிருந்து தொடு உணர்வை மேலே கொண்டுபோவதும் அதே நரம்பின் ஒரு கிளைதான். மூன்றாவதான உச்ச உணர்வு நடக்கும் இடமோ மூளை. கீழிருந்து வரும் துடிப்பும் அழுத்தமும் மூளையில் இன்பமாக வாசிக்கப்பட்டால்தான் அது உச்சம்.

மூன்றும் தனித்தனி என்பதற்கு நல்ல சான்று, புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்ட ஆண்கள். அவர்களுக்கு விந்து ஒரு சொட்டும் வராது, விறைப்பும் பலருக்குக் குறைந்துவிடும். ஆனாலும் உச்சம் வருகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். விறைப்பும் விந்தும் இல்லாமலே உச்சம் இருக்க முடியும் என்றால், இரண்டும் இருந்தும் உச்சம் இல்லாமல் போவதும் நடக்கக்கூடியதுதான்.

இந்தக் குறையோடு வருகிறவரிடம் முதலில் பிரித்துக் கேட்க வேண்டியது, எது வரவில்லை என்பதை. "வரமாட்டேங்குது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன. ஒன்றில், எவ்வளவு நேரமானாலும் விந்தும் வராது, உச்சமும் வராது. களைத்துப்போய் அல்லது தோல் எரிய ஆரம்பித்து நிறுத்திவிடுவார். இன்னொன்றில், விந்து வழக்கம்போல வரும், தசையும் துடிக்கும், ஆனால் தும்மல் வந்தும் மூக்கு தெளியாத மாதிரி இன்பம் மட்டும் காணாமல் போயிருக்கும். மூன்றாவதில் இன்பம் ஓரளவு இருக்கும். ஆனால் விந்து குறைவாகவோ இல்லாமலோ, துடிப்பு வலுவில்லாமல் "சப்"பென்று முடிந்துவிடும். முதல் நிலை தாமதம் அல்லது தடை. அதில் மருந்து, பழக்கம், மனப்பதற்றம் ஆகியவற்றைத் தேட வேண்டும். இரண்டாவது நிலையில் மனச்சோர்வையும், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பாதையைத் தொடும் மருந்துகளையும் தேட வேண்டும். மூன்றாவதில் புராஸ்டேட் மாத்திரை, சர்க்கரை நோய், இடுப்புத்தளத் தசை. எல்லை இவ்வளவு துல்லியமாக எப்போதும் இருக்காதுதான். ஆனாலும் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்து இன்னொரு கேள்வி: தனியாக இருக்கும்போது எப்படி? துணையோடு வராதது சுய இன்பத்தில் எளிதாக வருகிறது என்றால் நரம்பும் ஹார்மோனும் வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டிலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் மருந்து, நரம்பு, ஹார்மோன் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் பரிசோதனைகளில் பலவும் சொல்லாததை இந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு நேரம் ஆனால் "தாமதம்"? ஐந்து நாடுகளில் துணைவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து எடுத்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், உள்நுழைவிலிருந்து விந்து வெளியேறும்வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு 5.4 நிமிடம். 20, 25 நிமிடத்தைத் தாண்டியும் வராமல், அது மனவருத்தத்தையும் தந்தால் அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறை நூல் இதோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறது: பத்தில் ஏழெட்டு முறையாவது இப்படி நடக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். களைப்பான ஒரு வாரத்தையோ நிறையக் குடித்த ஒரு இரவையோ வைத்து நோய் என்று முடிவு கட்டத் தேவையில்லை.

மாத்திரைப் பட்டியல்தான் முதல் பரிசோதனை

வந்த குறை புதிதாகத் தொடங்கியது என்றால், ரத்தப் பரிசோதனைக்கு முன் மாத்திரைப் பட்டியலை எழுத வேண்டும். முதல் சந்தேகம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள்மேல்: எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், பாராக்செட்டின். இவை மூளையிலும் முதுகுத்தண்டிலும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகின்றன. செரட்டோனின் விந்து வெளியேறுவதற்குப் பிரேக் போடுகிறது. டோபமைன் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. விந்து சீக்கிரம் வந்துவிடுகிறவர்களுக்கு இதே குடும்பத்து மருந்துகளைச் சிகிச்சையாகத் தருவது இந்தப் பிரேக்கை நம்பித்தான். தேவையில்லாதவருக்கு அதே பிரேக் பூட்டாகிவிடுகிறது. இந்த வகையில் மிகக் கடுமையாகப் பூட்டுவது பாராக்செட்டின். பூப்ரோப்பியான், மிர்டாசபைன் ஆகிய வேறு வகை மனச்சோர்வு மருந்துகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மனச்சோர்வே உச்சத்தைக் குறைக்கும். அதற்கான மருந்தும் குறைக்கும். எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையைப் பார்க்க வேண்டும். சோர்வு நோயில் பெரும்பாலும் ஆசை முதலில் போகும். பாடல், சாப்பாடு, நண்பர்கள் என்று மற்ற இன்பங்களும் அதோடு சேர்ந்து வெளுக்கும். மருந்தால் வந்ததில், மாத்திரை தொடங்கிய சில நாள் அல்லது சில வாரத்துக்குள், ஆசை ஓரளவு இருக்கும்போதே உச்சம் மட்டும் தள்ளிப்போகும். சிலருக்கு ஆண்குறியின் மொட்டில் லேசான மரத்துப்போன உணர்வும் வரும். மருந்தின் நல்ல பலன் தெரியவே சில வாரம் ஆகும். இந்தத் தொல்லை அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே "மருந்துக்கு முன்னால் எப்படி இருந்தது, தொடங்கி எத்தனையாவது நாள் மாறியது" என்று நாட்காட்டியைப் பார்த்துப் பதில் சொன்னாலே பாதி தெளிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு பலர் செய்யும் தவறு, மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது. தலைசுற்றல், மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, தூக்கமின்மை, பழைய நோய் திரும்புதல் என்று வேறு தொல்லைகள் வரும். பாராக்செட்டினில் இது இன்னும் மோசம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிச் செய்ய வேண்டியவை சில உண்டு: நோய் அடங்கியிருந்தால் டோஸைப் படிப்படியாகக் குறைப்பது, தொல்லை குறைந்த மருந்துக்கு மாற்றுவது, பூப்ரோப்பியானைச் சேர்ப்பது. வலிப்பு நோய் இருந்தவருக்குப் பூப்ரோப்பியான் ஆகாது. ஆகவே அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மருந்தை மாற்றினால் சரியாகிவிடுகிறது. ஆனால் சிலருக்கு நிறுத்திய பிறகும் மரத்துப்போன உணர்வும் மங்கிய உச்சமும் நீடிக்கின்றன. 2019இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை ஏற்று, மருந்துகளின் தகவல் தாளில் எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது. "மனப்பிரமை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பலருக்கு அது தாமதமாகக் கிடைத்த ஒப்புதல்.

புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், சிலோடோசின் வேறு வழியில் வேலையைக் கெடுக்கின்றன. விந்தை இறக்கும் தசைகளையே இவை தளர்த்திவிடுவதால் விந்து குறையும் அல்லது வராமலே போகும். உள்ளே நிரம்பும் அந்த அழுத்தம் இல்லாததால் உச்சமும் தட்டையாகத் தெரியும். சிலோடோசினில் இது அதிகம். மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும் என்பது ஆறுதலான செய்தி. ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் டோபமைனைத் தடுத்துப் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றுகின்றன. டிராமடால் உள்ளிட்ட ஓபியாய்டு வலி மாத்திரைகளும், தினமும் குடிக்கும் மதுவும் இதே பட்டியலில் வரவேண்டியவை. மருத்துவர் கேட்டால் மதுவை யாரும் "மாத்திரை"க் கணக்கில் சொல்வதில்லை; தனியாகக் கேட்க வேண்டும்.

கைப்பிடியின் கணக்கு

மருந்தே எடுக்காதவர்களில், அதுவும் இளைஞர்களில், அடிக்கடி காணப்படும் காரணம் சுய இன்பப் பழக்கத்தின் வகை. சுய இன்பம் தவறு என்பதல்ல இதன் பொருள். எண்ணிக்கைகூட இங்கே பெரிதல்ல. எந்த மாதிரித் தொடுகை என்பதுதான் கேள்வி. மிக இறுக்கமான பிடி, மிக வேகம், ஒரே ஒரு புள்ளியில் அழுத்தம், கவிழ்ந்து படுத்துத் தலையணையிலோ மெத்தையிலோ உரசுவது: இவற்றையே ஆண்டுக்கணக்கில் செய்தால் உச்சத்துக்குப் போகும் வழி அந்த ஒரு அழுத்தத்துக்கே பழகிவிடுகிறது. துணையின் கையோ வாயோ யோனியோ அந்த அழுத்தத்தையும் வேகத்தையும் தராது. உடல் பழுதாகவில்லை, அது கற்றுக்கொண்ட மொழியில் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். துணை இல்லாமல் எளிதாக வருவது, துணையோடு வராமல் போவது, கடைசியில் கையை வைத்தே முடிக்க வேண்டியிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இதுதான் காரணம் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இதற்கான வழி, பழகியதை மாற்றிப் பழக்குவது. முதலில் பழைய முறையை முழுதாக நிறுத்த வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரம்வரை. இந்த நேரத்தில் பலருக்கு "இப்போது ஒன்றுமே தெரியவில்லை" என்ற பயம் வரும். அது எதிர்பார்த்ததுதான். பிறகு மல்லாந்து படுத்து, மசகு ஜெல்லை நிறையத் தடவி, வழக்கமாகப் பிடிக்காத கையால், பாதி அழுத்தத்தில் தொடங்க வேண்டும். ஒரு வேளைக்கு 15, 20 நிமிடம் போதும். உச்சம் வராவிட்டால் வராமலே நிறுத்த வேண்டும். "இன்று மட்டும்" என்று பழைய பிடிக்குப் போய் முடித்தால் அன்றைய பயிற்சி பழைய பாடத்தையே இன்னொரு முறை கற்பித்ததாகும். இந்த முயற்சி வீணாகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திரையில் காட்சி மாற்றி மாற்றித் தேடுவதையும் இந்த வாரங்களில் ஒதுக்க வேண்டும். கவனம் தோலின்மேல் இருக்க வேண்டும் என்பதே பயிற்சி. கண் வேறெங்கோ அலைந்தால் தோலுக்குக் கவனம் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பத்தாம் நாள் கைவிட மாட்டார்கள்.

கிளர்ச்சிக்கு முன்னால் ஓடும் விறைப்பு

விறைப்பு இருந்தால் கிளர்ச்சி இருக்கிறது என்று ஆணும் நம்புகிறார், துணையும் நம்புகிறார். இது தவறான கணக்கு. தூக்கத்தில் விறைப்பு வருவது ஆசையால் அல்ல. பெர்னார்ட் அப்ஃபெல்பாம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கூர்மையாகச் சொன்னார்: உச்சம் வராத ஆண்களில் பலருக்கு விறைப்பு தானாக வந்துவிடுகிறது, மனக்கிளர்ச்சி அதற்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. அப்படிப்பட்ட ஆண் பிறர் கண்ணுக்குத் தயார். உள்ளே இன்னும் தயாராகவில்லை. பத்துக்கு எவ்வளவு கிளர்ச்சி இருந்தது என்று கேட்டால், உள்நுழையும்போது 3 அல்லது 4 என்பார்கள். அந்த 3இலிருந்து இயந்திரம்போல அரைமணி நேரம் அசைந்தால் தோல் மரத்துப்போகுமே தவிர 10 வராது. தானாகவே விறைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவரிடம் நடப்பதும் இதுதான். விறைப்பு உறுதியாகிறது, அது கிளர்ச்சியைவிட இன்னும் வேகமாக முன்னே ஓடுகிறது.

இரண்டாவது மனப்பூட்டு, தன்னையே வேடிக்கை பார்ப்பது. இதை 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் விவரித்தார்கள். உறவின் நடுவே ஒரு பாதி மனம் வெளியே போய் நின்று "இன்னும் வரவில்லையா, நேரமாகிறதே, அவள் சலித்துக்கொள்கிறாளா" என்று எண்ணிக்கொண்டிருக்கும். பதற்றம் கூடும், தொடு உணர்வு பின்தங்கும். இதோடு வேறு சில காரணங்களும் சேரும்: கருத்தரிக்க வேண்டும் என்று நாள் குறித்துச் செய்வது, அல்லது அதற்கு நேர்மாறாகக் கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற பயம், துணைமேல் பேசித் தீராத கோபம். இன்ன தேதியில் கட்டாயம் வர வேண்டும் என்ற நிலையில் மட்டும் வராமல் போவது இதற்கு நல்ல அடையாளம்.

இதற்குத் தரும் பயிற்சி, உச்சத்தையே குறிக்கோளிலிருந்து நீக்குவது. முதல் ஓரிரு வாரம் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற உடலை ஒருவர் தொட, மற்றவர் உணர்வை மட்டும் கவனிப்பது. ஒருவருக்கு 15 நிமிடம், பிறகு முறை மாறுவது. அடுத்த கட்டத்தில் பிறப்புறுப்பையும் சேர்க்கலாம், உள்நுழைவு கிடையாது. அதன் பிறகுதான் உள்நுழைவு, அதுவும் கிளர்ச்சி பத்துக்கு 7 வந்த பின்பே. தடை போட்டிருக்கும்போது தடையை மீறி முடித்துவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு வரும் இணையர்கள் உண்டு. பரவாயில்லை, அதுவும் ஒரு தகவல்தான்.

நரம்பும் ஹார்மோனும்

எல்லாச் சூழலிலும் ஒரே மாதிரி மங்கியிருந்து, மாத்திரைப் பட்டியலும் சுத்தமாக இருந்தால் இங்கே வர வேண்டும். சர்க்கரை நோய் நீண்டநாள் இருந்தால் கால் விரல் மரப்பதுபோல ஆண்குறியின் தொடு உணர்வும் குறையலாம். 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் என்ற அதிரும் உலோகக் கவையைக் கால் பெருவிரலிலும் ஆண்குறியிலும் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. சிறுநீர்ப்பையின் வாயை மூடும் நரம்பு கெட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உச்சத்துக்குப் பிறகு எடுத்த சிறுநீரில் விந்தணு இருக்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். சிறுநீர் கலங்கலாக இருப்பதை நோயாளியே கவனித்திருப்பார்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டீரோன், புரோலாக்டின். டெஸ்டோஸ்டீரோன் இரண்டு வெவ்வேறு நாள் காலையில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஆசையும் குறைந்திருந்தால் மட்டுமே அதைக் குறைபாடு என்று பேசலாம். அளவு சரியாக இருப்பவருக்கு ஊசி போட்டால் உச்சம் கூடாது; விந்தணு உற்பத்திதான் படுத்துவிடும். தைராய்டு குறைந்தால் விந்து தாமதமாகும், கூடினால் சீக்கிரம் வரும் என்ற தொடர்பு நன்றாகத் தெரிந்தது. புரோலாக்டின் மிக அதிகமாக இருந்து, மருந்தும் காரணமில்லை என்றால் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐயில் பார்ப்பார்கள். வயது கூடக் கூட நரம்பின் வேகமும் தசையின் துடிப்பும் ஓரளவு குறைவது இயல்பு. இருபதில் இருந்த உச்சம் அறுபதில் அதே மாதிரி இருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இரு தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் இருக்கை படும் பகுதி திடீரென மரத்து, சிறுநீர் போக முடியாமலோ மலம் கட்டுப்படாமலோ, கால் பலவீனமாகவோ ஆனால் அது முதுகுத்தண்டின் கீழ்நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு

தனி ஒருவரின் வரலாறாக இல்லாமல், அடிக்கடி வரும் வரிசையைக் காட்டுவதற்காக அமைத்த ஒருவரைப் பார்ப்போம். வயது 36. மனச்சோர்வுக்காக 11 மாதமாக எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி. சோர்வு நன்றாக அடங்கிவிட்டது. விறைப்பு திடமாக இருக்கிறது, ஆனால் மனைவியோடு 40 நிமிடமானாலும் உச்சம் வருவதில்லை. தனியாக 25 நிமிடத்தில் விந்து வருகிறது. இன்பம் பத்துக்கு 3. நான்கு மாதமாகத் தானே வாங்கி சில்டெனாஃபில் 50 மி.கி. போடுகிறார். மருந்துக்கு முன்னால் தனியாக 5 நிமிடம், மனைவியோடு 8 நிமிடம். ட்யூனிங் ஃபோர்க் அதிர்வு தெரிகிறது, எச்பிஏ1சி 5.5, தைராய்டு, டெஸ்டோஸ்டீரோன், புரோலாக்டின் எல்லாம் இயல்பு.

மருந்து என்று இங்கேயே முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். மனநல மருத்துவர், வலிப்பு வரலாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எஸ்சிட்டலோப்ராமை 10 மி.கி.யாகக் குறைத்துப் பூப்ரோப்பியான் 150 மி.கி. சேர்க்கிறார். ஆறாவது வாரம் தனியாக 12 நிமிடம், இன்பம் 5. மனைவியோடு இன்னும் வரவில்லை. இந்த இடத்தில் "மருந்து பலிக்கவில்லை" என்று டோஸை ஏற்றப் போவது தவறு. மருந்துப் பூட்டு திறந்துவிட்டது என்பதைத் தனியாக எடுத்த அளவு காட்டுகிறது. மிச்சமிருப்பது வேறு பூட்டு. விசாரித்தால், முதல் மூன்று மாதத்தில் உச்சம் தள்ளிப்போனபோது அவர் பிடியை இறுக்கி, வேகத்தைக் கூட்டித்தான் முடித்திருக்கிறார், அதுவே பழக்கமாகிவிட்டது. மனைவியோடு தோற்ற பிறகு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். பயத்தில் மாத்திரை போட்டதால் விறைப்பு உடனே வர, கிளர்ச்சி 3இல் இருக்கும்போதே உள்நுழைந்திருக்கிறார். தொடங்கிவைத்த காரணம் ஒன்று, அதைப் பிடித்து வைத்திருக்கும் காரணங்கள் வேறு. தொடக்கக் காரணத்தை மட்டும் நீக்கினால் மற்றவை தாமாகக் கலைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இந்தக் குறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்த கட்டமாகச் சில்டெனாஃபில் நிறுத்தப்படுகிறது. அது அவருக்குத் தேவைப்படவே இல்லை. மூன்று வாரம் பழைய பிடி நிறுத்தம், பிறகு ஜெல்லோடு லேசான பிடி. மனைவியோடு நான்கு வாரம் தொடுகைப் பயிற்சி, உள்நுழைவு இல்லாமல். ஒன்பதாம் வாரம் மனைவியின் கையால் முதல் முறை உச்சம் வருகிறது. அன்று அவர் முயலவே இல்லை. நாலாம் மாத முடிவில் உள்நுழைவில் மூன்றில் இரண்டு முறை, 15 நிமிடத்துக்குள், இன்பம் 7. மருந்துக்கு முன்னிருந்த 8 நிமிடம் திரும்பவில்லை, 10 மி.கி. உள்ளே இருக்கும்வரை திரும்பாமலும் இருக்கலாம். சோர்வு மீண்டும் வராமலிருக்க அந்த 10 மி.கி.யை இன்னும் 6 மாதம் வைத்துக்கொள்வது என்று மனநல மருத்துவரும் அவரும் பேசி முடிவெடுக்கிறார்கள்.